ரஷ்ய மாட்டுக்கதையும் எட்டுப் பிழையும்

"அண்ணை, நான் மாங்குளத்தில் இருந்துகொண்டு ரஷ்ய மொழி படிக்கிறேன். பத்து வரியில் எங்கள் மாட்டைப் பற்றி ஒரு கதை எழுதிக் கொடுத்தேன். 'முன்னிடைச்சொல் வரும் இடங்களில் எட்டுப் பிழை இருக்கு, நீயே தேடிப் பிடி' என்று சொல்லி ரீச்சர் கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டார். நாலு தரம் வாசித்துவிட்டேன், எனக்கு எல்லாம் சரி போலவே கிடக்கு. பிழை திருத்துகிற ஆட்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கதையின் படம் அனுப்பியிருக்கிறேன்."

தங்கச்சி, வாசித்துப் பார்ப்பதால்தான் பிழை பிடிபடவில்லை. ரஷ்ய மொழியில் ஒரு சொல்லில் ஒரு அசைதான் அழுத்திச் சொல்லப்படும். மற்ற அசைகளின் உயிரொலி மங்கிவிடும். வேற்றுமை உருபோ சொல்லின் கடைசியில், பெரும்பாலும் அந்த மங்கிய இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் மூன்றாவது வரி "மாடு றோட்டில் நின்றது". அதில் "நா தொரோகி" என்று எழுதியிருக்கிறீர்கள். வரவேண்டியது "நா தொரோகெ". எழுத்தில் இரண்டும் வேறு, வாயால் சொன்னால் இரண்டும் ஒன்று. மொஸ்கோவில் பிறந்தவர் வாசித்துக் காட்டினாலும் உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரியாது. நாலு தரம் இல்லை, நாற்பது தரம் வாசித்தாலும் சரி போலத்தான் கேட்கும்.

(ரஷ்யச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். ஒலிப்படி இல்லை, எழுத்துப்படி. அசல் எழுத்து உங்கள் கொப்பியில் இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நான் செய்வது இதுதான். பென்சிலை எடுத்துக்கொண்டு கதையின் கடைசி வரியில் தொடங்கி மேலே போவேன். கதையை வாசிப்பதில்லை. பெயருக்கு முன்னால் நின்று உள், மேல், கீழ் என்று சொல்கிற முன்னிடைச்சொல்லை மட்டும் தேடி வட்டம் போடுவேன். மேலிருந்து வந்தால் மாடு என்ன ஆனது என்று மனம் கதைக்குள் போய்விடும், கண் தனக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொண்டு ஓடிவிடும். கீழிருந்து வந்தால் ஒவ்வொரு வரியும் தனி வரி. உங்கள் கதையில் வரிக்கு ஒன்றாகப் பத்து வட்டம் விழுந்தது. அப்புறம் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அது பிடித்திருக்கிற பெயர்ச்சொல் வரைக்கும் ஒரு கோடு இழுப்பேன். பிழை இருந்தால் அந்தக் கோட்டின் அடியில்தான் இருக்கும்.

இந்தக் கோடு தமிழருக்குப் புதிதில்லை. "மரத்தைச் சுற்றி" என்போம், "மரத்துக்குச் சுற்றி" என்று யாரும் சொல்வதில்லை. "மரத்துக்குக் கீழே" என்போம், "மரத்தைக் கீழே" என்றால் சின்னப் பிள்ளையும் சிரிக்கும். சுற்றி, கீழே, பற்றி என்ற சொற்கள் தங்களுக்கு முன்னால் எந்த உருபு வரவேண்டும் என்று கேட்டு வாங்குகின்றன. ரஷ்ய முன்னிடைச்சொல்லும் அதையேதான் செய்கிறது, ஆனால் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டு செய்கிறது. வேற்றுமைகளை நமது எண்களாலேயே சொல்கிறேன்: ஐ என்பது இரண்டாவது, ஓடு மூன்றாவது, கு நான்காவது, உடைய ஆறாவது, இல் ஏழாவது. "இலிருந்து" என்கிற ஐந்தாம் வேற்றுமை ரஷ்ய மொழியில் தனியாக இல்லை. அந்த வேலையை ஆறாம் வேற்றுமை முன்னிடைச்சொல்லோடு சேர்ந்து செய்கிறது. எட்டாவதை விடுங்கள், அது கூப்பிடுவதற்கு.

வட்டம் போட்டதும் முதலில் பார்ப்பது, கோட்டின் நுனியில் இருக்கிற சொல் அகராதியில் இருக்கிற மாதிரியே நிற்கிறதா என்பதை. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் எழுவாய் வடிவம் வருவது மிக அரிது, ஒன்றிரண்டு மரபுத் தொடர்களில்தான் பார்க்கலாம். ஆகவே அகராதி வடிவம் கண்ணில் பட்டால் சந்தேகம் வரவேண்டும். இந்த ஒரு சல்லடையிலேயே உங்கள் இரண்டு பிழை விழுந்துவிட்டது: "உ ஓஸெரொ" (குளத்தடியில்), "பெஸ் மொலொகோ" (பால் இல்லாமல்). "உ", "பெஸ்" இரண்டும் எந்த வினை வந்தாலும் ஆறாம் வேற்றுமையைத் தவிர வேறு எதையும் ஏற்காதவை. ஆகவே "உ ஓஸெரா", "பெஸ் மொலொகா". இங்கே யோசிக்க ஒன்றும் இல்லை.

ஏன் இந்தப் பிழை வந்தது என்பதும் தெரிகிறது. "அம்மம்மா பால் இல்லாமல் தேத்தண்ணி குடித்தா" என்று தமிழில் நினைத்திருப்பீர்கள். அதில் "பால்" வெறுமனே நிற்கிறது, எந்த உருபும் இல்லை. அந்த வெறும் பால் அப்படியே ரஷ்ய வரிக்குள் வந்துவிட்டது. (இன்னொன்று, "ஓஸெரொ" என்றால் இயற்கையான ஏரி. இரணைமடு மாதிரி அணை கட்டித் தேக்கிய பெரிய குளத்துக்கு ரஷ்யர் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். அம்மம்மா வீட்டுக் குளத்துக்கு ஓஸெரொ இருந்துவிட்டுப் போகட்டும், அது பிழைக் கணக்கில் வராது.)

இந்தச் சல்லடைக்கும் ஓட்டை உண்டு. உயிரில்லாத பொருளைக் குறிக்கும் ஆண்பால் சொற்களுக்கும் "போலெ" (வயல்) போன்ற அஃறிணைப்பால் சொற்களுக்கும் இரண்டாம் வேற்றுமையும் எழுவாயும் ஒரே வடிவம். "வ் லெஸ்" (காட்டுக்குள்) என்று எழுதியிருந்தால் லெஸ் அகராதியில் இருக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் சரி. மெட்ரோ, கினோ போன்ற சில இரவல் சொற்கள் எந்த வேற்றுமையிலும் மாறுவதே இல்லை. அகராதி வடிவம் கண்டால் சந்தேகப்படுங்கள், உடனே வெட்டிவிடாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம்: "வ்", "நா". "வ்" என்றால் உள், "நா" என்றால் மேல். இரண்டுக்கும் இரண்டு முகம். ஒரு இடத்தை நோக்கிப் போனால் இரண்டாம் வேற்றுமை, அந்த இடத்தில் இருந்தால் ஏழாம் வேற்றுமை. முன்னிடைச்சொல்லை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது, கண் வினைக்குப் போகவேண்டும். உங்கள் முதல் வரியில் வினை "போனேன்", ஆனால் "வ் ஷ்கோலெ" என்று இருக்கிறது. அது "பள்ளிக்கூடத்தில்". "காலையில் பள்ளிக்கூடத்தில் போனேன்" என்று எழுதிவிட்டீர்கள். வேண்டியது "வ் ஷ்கோலு". மூன்றாவது வரியில் வினை "நின்றது", ஆகவே இடம், ஆகவே "நா தொரோகெ".

தமிழில் "பள்ளிக்கு", "பள்ளியில்" என்று உருபு தெளிவாகப் பிரிந்திருக்கும்போது நம்மவர்கள் ஏன் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள்? என் ஊகம், கேள்வியில் இருக்கிறது. "எங்கை போறாய்?", "எங்கை நிக்கிறாய்?" இரண்டுக்கும் நமக்கு ஒரே "எங்கை"தான். ரஷ்யருக்கு அது இரண்டு சொல்: போவதற்கு "குதா", இருப்பதற்கு "க்த்யெ". பள்ளியில் அவர்களுக்கு இப்படிக் கேள்வி போட்டுத்தான் வேற்றுமையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். நீங்கள் அந்த இரண்டு கேள்வியையும் மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "க்கு" வந்தால் இரண்டாவது, "இல்" வந்தால் ஏழாவது. இதற்கு மட்டும் தமிழே போதும்.

"தொரோகி"யா "தொரோகெ"யா என்று காதுக்குத் தெரியாத இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது, அதையும் ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் செய்வார்கள். அதே வகையில் உருபு மாறுகிற, ஆனால் கடைசி அசையில் அழுத்தம் விழுகிற ஒரு சொல்லை அந்த இடத்தில் போட்டுப் பார்ப்பார்கள். "ஸெம்ல்யா" (நிலம்) அதற்கு வசதியான சொல். "நா ஸெம்லெ", "உ ஸெம்லி" என்று சொன்னால் கடைசி எழுத்து தெளிவாகக் கேட்கும். மாடு நிலத்தில் நின்றது, நா ஸெம்லெ. அப்படியென்றால் நா தொரோகெ. "றோட்டுக்குப் பக்கத்தில்" என்றால் உ ஸெம்லி, ஆகவே உ தொரோகி. ஆ என்று முடிகிற பெண்பால் சொற்களில், "இயா" என்று முடிகிறவற்றைத் தவிர மற்றவற்றுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். மற்றச் சொற்களுக்கு இந்தச் சொல் உதவாது.

ஐந்தாவது வரியில்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மாடு என்னைப் பார்த்தது" என்று சொல்ல "நா ம்ன்யெ" என்று எழுதியிருக்கிறீர்கள். மாடு எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்தில் நின்றுதான் பார்த்தது, ஆகவே ஏழாவது என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கணக்கு நல்லது, ஆனால் இங்கே பொருந்தாது. ரஷ்ய மொழியில் பார்வையும் போகிற ஒன்றுதான். "பார்" என்கிற அந்த வினை "நா"வோடு எப்போதும் இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும்: "நா மென்யா". நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்தால், மாடு உங்கள் மேல் ஏறி நின்றுகொண்டு பார்த்தது என்று வரும். "நா ம்ன்யெ" என்று சொல்வதற்கும் இடம் உண்டு. நான் போட்டிருக்கிற சட்டையைப் பற்றிச் சொன்னால், சட்டை என் மேல் இருக்கிறதுதானே. இங்கேயும் தமிழை நம்பியிருந்தால் தப்பியிருப்பீர்கள்: "என்னை"ப் பார்த்தது, ஐ உருபு, இரண்டாம் வேற்றுமை.

ஆறாவது வரியும் லேசுப்பட்டதில்லை. "மாட்டோடு வீட்டுக்குப் போனேன்" என்பதற்கு "ஸ் கொரோவி" என்று இருக்கிறது. "ஸ்" என்ற ஒற்றை எழுத்துக்கு இரண்டு முக்கிய வேலை. மூன்றாம் வேற்றுமையோடு வந்தால் "ஓடு". ஆறாம் வேற்றுமையோடு வந்தால் "மேலிருந்து". கொரோவி என்பது ஆறாவது. ஆகவே மாட்டின் முதுகிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். கட்டாக்காலி மாடு நிற்கிற ஏ-9 றோட்டில் அதுவும் நடக்கலாம்தான், ஆனால் நீங்கள் சொல்ல வந்தது அது இல்லையே. "ஸ் கொரோவொய்" என்று மாற்றுங்கள். இந்த வகைப் பிழை ஏன் ஆபத்தானது என்றால், வரி இலக்கணப்படி உடையவில்லை, பொருள்தான் வேறாகிவிட்டது. ஆகவே "ஸ்" கண்ட இடத்தில் "ஓடா, மேலிருந்தா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் உருபைப் பார்ப்பேன். அதே வரியில் "வீட்டுக்கு" என்பதற்கு முன்னிடைச்சொல் இல்லாமல் "தொமோய்" என்று எழுதியது சரி. பலர் அங்கே தேவையில்லாமல் ஒரு "வ்" போடுவார்கள்.

ஏழாவது வரியில் உருபு சரியாக இருக்கிறது, முன்னிடைச்சொல்தான் பிழை. "அம்மா சந்தையிலிருந்து வந்தா" என்பதற்கு "இஸ் ரின்கா" என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குப் பள்ளியிலிருந்து, சந்தையிலிருந்து, வயலிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே "இலிருந்து". ரஷ்ய மொழியில் உள்ளே இருந்த விதம் வெளியே வருவதைத் தீர்மானிக்கும். பள்ளிக்கு "வ்", ஆகவே திரும்பும்போது "இஸ்". சந்தைக்கு "நா", ஆகவே திரும்பும்போது "ஸ்". சந்தைக்கு ஏன் "நா" என்றால், திறந்தவெளி என்று ஒரு காரணம் சொல்லலாம். கூரை போட்ட கிளிநொச்சிச் சந்தைக்கும் "நா"தான் வரும், ஆகவே காரணத்தைத் தேடாமல் இடத்தையும் முன்னிடைச்சொல்லையும் சோடியாகப் பாடமாக்குவது நல்லது. "ஸ் ரின்கா" என்று திருத்துங்கள். ரின்கா அப்படியே இருக்கட்டும்.

எட்டாவது வரி, "பழைய மரத்துக்குக் கீழே இருந்தோம்". "பொத் ஸ்தாரொயெ தேரெவொம்" என்று எழுதியிருக்கிறீர்கள். "பொத்" (கீழே) என்பதற்கும் இரண்டு முகம். கீழே போனால் இரண்டாவது, கீழே இருந்தால் மூன்றாவது. தேரெவொம் மூன்றாவது, சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் நிற்கிற "ஸ்தாரொயெ" மாறாமல் நிற்கிறது. தமிழில் பழைய மரம், பழைய மரத்தை, பழைய மரத்துக்கு என்று மரம்தான் பாடுபடும், "பழைய" அசையாது. ரஷ்ய மொழியில் அடைமொழியும் சேர்ந்து மாறவேண்டும்: "ஸ்தாரிம் தேரெவொம்". வட்டத்திலிருந்து பெயர்ச்சொல் வரைக்கும் கோடு இழுப்பது இதற்காகத்தான். பெயர்ச்சொல்லை மட்டும் பார்த்துச் சரி போட்டுவிட்டால் நடுவில் இருக்கிறது தப்பிவிடும். கோட்டின் அடியில் இருக்கிற எல்லாச் சொல்லும் ஒரே வேற்றுமையில் நிற்கவேண்டும்.

எட்டும் வந்துவிட்டது. மிச்சம் இரண்டு வட்டம். இரண்டும் சரி. ஆனால் இனி நீங்களாகத் திருத்தப்போனால் கைவைக்கத் தோன்றுகிற வட்டங்கள் இவைதான். "க் கொரோவெ" (மாட்டுக்குப் பக்கத்தில் போனேன்): "க்" எப்போதும் நான்காம் வேற்றுமை கேட்கும். ஆனால் கொரோவெ ஏழாவது மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆ என்று முடிகிற பெண்பால் சொற்களுக்கு நான்காவதும் ஏழாவதும் ஒரே வடிவம், ஆகவே விட்டுவிடுங்கள். மற்றது "வ் சாது" (தோட்டத்தில்). சாத் என்ற ஆண்பால் சொல்லுக்கு ஏழாவது "சாதெ" என்றுதான் பாடப்புத்தக அட்டவணையில் இருக்கும். ஆனால் "வ்", "நா" இரண்டுக்கும் பின்னால் இடத்தைச் சொல்லும்போது சில ஆண்பால் சொற்கள் "உ" என்று முடியும், அழுத்தமும் அந்த உகரத்தில் விழும்: தோட்டத்தில், காட்டில், கரையில், பாலத்தில். "தோட்டத்தைப் பற்றி" என்றால் மட்டும் மறுபடி "ஒ சாதெ".

இதில் நானும் சூடுபட்டவன். பிழை திருத்தத் தொடங்கிய காலத்தில் ஒருவருடைய கட்டுரையில் "வ் லெசு" என்று இருந்ததைச் சிவப்பு மையால் "வ் லெஸெ" என்று மாற்றி, பக்கத்தில் விளக்கமும் எழுதினேன். எழுதியவர் ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஒன்றும் சொல்லாமல் அகராதியின் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆண்பால் சொல்லில் உகரம் கண்டால் அகராதியைப் பார்க்காமல் மை தொடுவதில்லை. நல்ல அகராதிகளில் இந்த வடிவத்தைத் தனியாகக் குறித்திருப்பார்கள்.

திருத்துபவரால் முடிவெடுக்க முடியாத இடமும் உண்டு. "கன்று தோட்டத்துக்குள் ஓடியது" என்றால் "வ் சாத்". "கன்று தோட்டத்தில் ஓடித் திரிந்தது" என்றால் "வ் சாது". இரண்டுக்கும் வினை ஒன்றாகவே வரலாம், இரண்டு வரியும் இலக்கணப்படி சரி. கன்று படலைக்கு வெளியே இருந்ததா உள்ளே இருந்ததா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். அங்கே திருத்தாமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கேட்கவேண்டும். உங்கள் பத்தாவது வரியில் மாடு தூங்கியது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

முதல் வரியில் "பள்ளிக்கு" என்று மட்டும் விட்டிருக்கிறீர்கள். அடுத்த தரம் ஊர்ப்பெயர் போட்டு எழுத ஆசைப்பட்டால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் இகரத்திலும் உகரத்திலும் முடிகிற வேற்று நாட்டுப் பெயர்கள். டெல்லி, சோச்சி மாதிரி எந்த வேற்றுமையிலும் மாறாது, நிம்மதி. உங்கள் மாங்குளம் மெய்யெழுத்தில் முடிவதால் சாதாரண ஆண்பால் சொல் போல மாறும்: அங்கே இருந்தால் "வ் மாங்குலாமெ", அங்கிருந்து வந்தால் "இஸ் மாங்குலாமா". வவுனியாவில்தான் கவனம். அது இந்தியாவைப் போல "இயா" என்று முடிகிறது. அந்த வகைச் சொற்களுக்கு ஏழாவது எகரத்தில் முடியாது, இகரம் இரண்டு தரம் வரும்: "வ் வவுனியி". போவதென்றால் "வ் வவுனியு". ஷ்கோலெ எழுதிப் பழகிய கை அங்கே "வவுனியெ" என்று எழுதிவிடும், வாசித்தால் காதுக்கும் கேட்காது.